பாசிட்டிவ் வந்த 76 குழந்தைகளில் ஒன்று

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் வட்ட வட்டமாக ஊறவிட்டு எடுத்துப் போகிறார்கள். தாயும் சேயும் வீட்டுக்கு வந்து சில நாளில் மருத்துவமனையிலிருந்து போன் வருகிறது. ஸ்கிரீனிங்கில் ‘சி.ஏ.எச்.’ என்ற நோய்க்கு பாசிட்டிவ் காட்டுகிறது, குழந்தையை உடனே அழைத்து வாருங்கள் என்கிறார்கள். அந்தப் பெற்றோர் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, அட்ரீனல் சுரப்பி சம்பந்தப்பட்ட, வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தான பிறவிக் கோளாறு என்ற விவரம். அடுத்துத் தேடினால் சோதனை 99 சதவீதத்துக்கும் மேல் துல்லியமானது என்று வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் தங்கள் குழந்தைக்கு நோய் இருப்பது ஏறக்குறைய நிச்சயம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அப்படி அழைக்கப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் இல்லை. சோதனை மட்டமானது என்பதால் அல்ல. சோதனை நல்ல சோதனைதான், துல்லியம் என்று சொல்லப்படும் எண்ணும் உண்மைதான். ஆனாலும் பாசிட்டிவ் வந்த குழந்தைக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றையொட்டியே இருக்கும். இவை இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதைத்தான் இங்கே தலைகளை எண்ணியே பார்க்கப்போகிறோம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல் இருப்பது அட்ரீனல் சுரப்பி. கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை அது படிப்படியாகச் செய்கிறது. அந்தப் படிகளில் ஒன்றை நடத்தும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாகவோ, சுத்தமாக இல்லாமலோ போகிறது. சி.ஏ.எச். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இதுவே காரணம். வேலை நின்றுபோன இடத்தில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற இடைப்பொருள் தேங்குகிறது. சுருக்கமாக இதை 17-ஓ.எச்.பி. என்பார்கள். தேங்கியது வேறு வழியில் திரும்பி ஆண் ஹார்மோனாகிறது. அதனால் இந்நோயுள்ள பெண் குழந்தையின் பிறப்புறுப்பு பிறக்கும்போதே மாறுபட்டுத் தெரியலாம், டாக்டர் அப்போதே சந்தேகப்பட்டுவிடுவார். ஆண் குழந்தையிடம் வெளியில் ஒன்றும் தெரியாது. கடுமையான வகையில் முக்கால்வாசிப் பேருக்கு ஆல்டோஸ்டீரோனும் போதாமல் உடலிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் முடிந்து மூன்றாம் வாரத்துக்குள், பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை இறங்கி, துவண்டுபோய், ரத்தத்தில் சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறி அந்தக் குழந்தை இறந்துபோகக்கூடும். ஏதோ கிருமித்தொற்று என்று நினைத்துவிடுவதும் உண்டு. நோய் முன்பே தெரிந்துவிட்டாலோ ஹைட்ரோகார்ட்டிசோன், ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மருந்துகளும், கைக்குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் உப்பும் கொடுத்து நன்றாக வளர்க்க முடியும். நல்லபடியாகத் தெரியும் மூன்று நாள் குழந்தைக்கு ஏன் இந்தச் சோதனை என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சோதனை செய்வது ஒரே காரியம். காய்ந்த ரத்தப் பொட்டில் 17-ஓ.எச்.பி. எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போனால் பாசிட்டிவ், கீழே இருந்தால் நெகட்டிவ். நோயுள்ள குழந்தையை விட்டுவிடக் கூடாது என்பதால் வரம்பை வேண்டுமென்றே தாழ்வாக வைக்கிறார்கள். நோயில்லாத குழந்தைகள் சிலர் அந்த வரம்பைத் தாண்டுவது அப்போதே உறுதியாகிவிடுகிறது.

அவர்கள் ஏன் தாண்டுகிறார்கள் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்குமே 17-ஓ.எச்.பி. இயல்பாகக் கூடுதலாக இருந்து பிறகு இறங்கும். 48 மணி நேரம் ஆவதற்குள் அவசரப்பட்டு ரத்தம் எடுத்தால் அந்த ஏற்றம் அப்படியே பதிவாகும். மூச்சுத்திணறல், தொற்று என்று உடல்நலமில்லாத குழந்தைக்கும் அளவு ஏறும். எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் குறைப்பிரசவம். மாதம் முழுமையாகாமல் பிறந்த குழந்தையின் அட்ரீனல் சுரப்பியில் சில நொதிகள் இன்னும் முதிராததால் இடைப்பொருள்கள் இயல்பாகவே அதிகம். அவற்றில் சில 17-ஓ.எச்.பி.யின் வடிவத்தையே ஏறக்குறைய ஒத்தவை. சாதாரணமாகப் பயன்படும் சோதனை, குறிப்பிட்ட வடிவத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்து அளப்பது. ஒரே சாயல் உள்ள அண்ணனைத் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுவதுபோல் அந்த ஆன்டிபாடி இவற்றையும் 17-ஓ.எச்.பி. என்று எண்ணிக்கொள்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். பல நாடுகளின் ஸ்கிரீனிங் அனுபவத்தில் கடுமையான சி.ஏ.எச். சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. நோயில்லாத குழந்தைகளில் 200க்கு ஒன்று, அதாவது 0.5 சதவீதம், தவறாக பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் நடைமுறைக்கு ஒட்டிய அளவுதான். நோயுள்ள எல்லாக் குழந்தைகளையும் சோதனை பிடித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒன்றரை லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் நோயுள்ளவர்கள் 10 பேர். பத்துப் பேருக்கும் பாசிட்டிவ் வருகிறது. மீதி 1,49,990 பேருக்கு நோயில்லை. இவர்களில் 200க்கு ஒருவர் என்றால் 750 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வருகிறது. ஆக, போன் அழைப்பு போகும் குடும்பங்கள் 760. அவற்றில் 10 வீடுகளில் நோய் உண்டு, 750 வீடுகளில் இல்லை. பாசிட்டிவ் வந்த 76 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் நோய். சதவீதத்தில் சொன்னால் 1.3.

இதில் சோதனை எங்கேயும் வாக்குத் தவறவில்லை. நோயில்லாத 200 பேரில் 199 பேரைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் நோயில்லாதவர்கள் ஒன்றரை லட்சம் பேர், நோயுள்ளவர்கள் பத்தே பேர். பெரிய கூட்டத்தின் மிகச் சிறிய பங்கு, சிறிய கூட்டம் முழுவதையும்விடப் பல மடங்கு பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இதையே சதவீதத்தில் கொடுத்தால் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 1978இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள், பயிற்சி மருத்துவர்களும் மூத்த மருத்துவர்களும் இருந்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய், 5 சதவீதம் தவறான பாசிட்டிவ் தரும் சோதனை, நோயாளியைப் பற்றி வேறெதுவும் தெரியாது, பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? ஏறக்குறைய பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடையான சுமார் 2 சதவீதத்தைச் சொன்னவர்கள் 11 பேர்தான். தலைகளை எண்ணியிருந்தால், ஆயிரம் பேரில் நோயுள்ளவர் ஒருவர், தவறாக பாசிட்டிவ் வருபவர்கள் 50 பேர், எனவே 51இல் ஒன்று என்று விரல் விட்டே சொல்லியிருக்கலாம்.

95 என்று சொன்னவர்களுக்கு அறிவு போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலாக வேறொரு கேள்விக்கு விடை சொன்னார்கள். ‘நோயில்லாதவருக்கு நெகட்டிவ் வரும் வாய்ப்பு எவ்வளவு’ என்றால் 95 சரி. ‘பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் நாம் எண்ணுவது நோயில்லாதவர்களின் கூட்டத்தை, இரண்டாவதில் எண்ணுவது பாசிட்டிவ் வந்தவர்களின் கூட்டத்தை. சதவீதம் என்று எழுதிய உடனே எந்தக் கூட்டத்தில் நூறு என்ற விவரம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரும் அவருடைய சகாக்களும் 1990களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். 48 மருத்துவர்களிடம் உண்மையான நோயறிதல் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்ததில், சதவீதத்தில் கேட்டபோது பத்தில் ஒரு பங்கு விடைகளே சரியாக இருந்தன. அதே கணக்கை ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று இயல்பான எண்ணிக்கையில் கொடுத்தபோது ஏறக்குறைய பாதி சரியாக வந்தன. பாதிதானா என்று தோன்றலாம். பாடம் நடத்தாமல், கேள்வியை எழுதும் விதத்தை மட்டும் மாற்றியதில் வந்த மாற்றம் இது.

ஏன் இப்படி என்பதைப் பார்க்க, நம் சி.ஏ.எச். கணக்கையே, இத்தகைய வாய்ப்புகளைக் கணக்கிடும் பேயஸ் சூத்திரத்தில் எழுதிப் பார்க்கலாம்.

```
(1/15000 × 1) ÷ (1/15000 × 1 + 14999/15000 × 0.005) = 0.013
```

எண்ணிக்கையில் அதுவே இப்படி முடிந்துவிடுகிறது.

```
10 ÷ (10 + 750) = 0.013
```

இரண்டும் ஒரே கணக்கு. மேலே உள்ளதில் நோய் எவ்வளவு அரிது என்பதை மூன்று இடங்களில் தனியாகப் பெருக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கீழே உள்ளதில் அந்த அரிதான தன்மை 10 என்ற எண்ணுக்குள்ளும் 750 என்ற எண்ணுக்குள்ளும் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒன்றரை லட்சத்தைப் பிரித்துப் பிரித்து வந்ததால், அதை மறுபடி நினைவில் வைத்துச் சேர்க்க வேண்டிய வேலை இல்லை.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘நோயுள்ள 100 பேரில் 100 பேருக்கு பாசிட்டிவ், நோயில்லாத 200 பேரில் ஒருவருக்கு பாசிட்டிவ்’ என்று எழுதினாலும் பார்க்க எண்ணிக்கை மாதிரியே இருக்கும். ஆனால் நோயுள்ளவர்களை 100 என்றும் இல்லாதவர்களை 200 என்றும் நாமே தனித்தனியாக நிறுத்திக்கொண்டோம். நிஜத்தில் எதிரெதிரே நிற்பது 10 பேரும் ஒன்றரை லட்சம் பேரும். அப்படித் தனித்தனியாக எழுதப்பட்ட விளம்பரத் தாளைப் படித்தால், 100க்கும் 1க்கும் உள்ள ஒப்பீடு மட்டுமே மனதில் நிற்கும், நோய் அரிது என்ற செய்தி முழுக்கத் தொலைந்துபோகும். எனவே எண்ணத் தொடங்கும்போது எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

அந்தக் கூட்டம் யாருடைய கூட்டம் என்பது அடுத்த கேள்வி. என் பார்வையில் இந்த விஷயத்தின் உயிர்நிலையே இங்கேதான் இருக்கிறது. வடிதாள் ரத்தத்தில் 17-ஓ.எச்.பி.யை அளக்கும் முறையை சோங்ஜா பாங் என்ற மருத்துவரின் குழு 1977இல் உருவாக்கியது. முதன்முதலில் குழந்தைகளைத் திட்டமிட்டுச் சோதித்துப் பார்த்த இடம் அலாஸ்கா. தற்செயலாகத் தேர்ந்த இடமல்ல. அங்குள்ள யூப்பிக் பழங்குடி மக்களிடையே இந்நோய் சுமார் 300 குழந்தைகளில் ஒன்றுக்கு வந்தது. நம் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். 30,000 யூப்பிக் குழந்தைகள் என்றால் நோயுள்ளவர்கள் 100 பேர். மீதமுள்ளவர்களில் 200க்கு ஒருவர் வீதம் தவறான பாசிட்டிவ் சுமார் 150. பாசிட்டிவ் வந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு நோய் உண்மை. அதே அட்டை, அதே வரம்பு, அதே ஆய்வகம். மாறியது குழந்தை எந்தக் கூட்டத்தில் பிறந்தது என்பது மட்டும்.

நம்மூர்க் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்து நாலாயிரம் பச்சிளம் குழந்தைகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. மொத்தத்தில் 5,762 குழந்தைகளுக்கு ஒன்று என்று சி.ஏ.எச். இருந்தது. சென்னையில்தான் ஆக அதிகம், 2,036க்கு ஒன்று. இந்நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணுவின் இரண்டு பிரதிகள் சேர வேண்டும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் குடும்பங்களில் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த அதே பழுது இரண்டு பக்கமாகவும் வந்து சேர்வது எளிது. சென்னை எண்ணுக்குப் பின்னால் இதுவும் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஐந்து நகரங்களிலும் சேர்த்தே நோயுள்ள குழந்தைகள் சுமார் 18 பேர்தான். அதில் ஒரு நகரத்தின் பங்கு இன்னும் சிறியது, இரண்டு மூன்று குழந்தைகள் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் வெகுவாக மாறிவிடும்.

இருந்தாலும் 2,000க்கு ஒன்று என்றே வைத்துப் பார்ப்போம். 20,000 குழந்தைகளில் நோயுள்ளவர்கள் 10 பேர், தவறான பாசிட்டிவ் 100 பேர். பாசிட்டிவ் வந்த 11 பேரில் ஒருவருக்கு நோய். அமெரிக்க, ஐரோப்பிய இணையப் பக்கத்தில் ‘நூற்றுக்கு ஒன்றுதான், கவலை வேண்டாம்’ என்று படித்துவிட்டு சென்னைப் பெற்றோர் நிம்மதியடைந்தால் அது வேறொரு கூட்டத்தின் நிம்மதி.

இன்னும் ஒரு வீட்டுக்குப் போவோம். மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே சி.ஏ.எச். இருக்கிறது. அப்படியானால் அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வைத்திருப்பவர்கள். அடுத்த குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. இப்படிப்பட்ட வீடுகளில் பிறந்த 1,000 குழந்தைகளைச் சோதித்தால் 250 பேருக்கு நோய், மீதி 750 பேரில் சுமார் 4 பேருக்குத் தவறான பாசிட்டிவ். மொத்தம் 254 பாசிட்டிவில் 250 உண்மை. இங்கே பாசிட்டிவ் என்றால் நோய் என்றே எடுத்துக்கொண்டு டாக்டர் உறுதிப்படுத்தும் ரத்தத்தை எடுத்துக்கொண்ட கையோடு சிகிச்சையைத் தொடங்குவார். 76இல் ஒன்று, 11இல் ஒன்று, 254இல் 250. மூன்று வீட்டுக்கும் வந்த ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது ஒரே வரிதான். ரிப்போர்ட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்பவருக்கு நேர்மையான டாக்டர் உடனே பதில் சொல்ல முடியாமல் திருப்பிக் கேள்வி கேட்பது இதனால்தான்.

அப்படிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, எத்தனை மாதத்தில் பிறந்தது என்பது. முதல் கணக்கின் 750 தவறான பாசிட்டிவ்களும் எல்லாக் குழந்தைகளிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒன்றரை லட்சத்தில் 15,000 பேர் குறைமாதக் குழந்தைகள் என்றும், தவறான பாசிட்டிவில் 500 அவர்களிடமிருந்து வருகிறது என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள பத்துப் பேரில் ஒருவர் குறைமாதம், ஒன்பது பேர் முழுமாதம். குறைமாதக் குழந்தைகளில் பாசிட்டிவ் வந்த 501 பேரில் ஒருவருக்கு நோய். முழுமாதக் குழந்தைகளில் 259 பேரில் 9 பேருக்கு, அதாவது 29இல் ஒருவருக்கு. எல்லோரையும் சேர்த்துச் சொன்ன 76இல் ஒன்று என்பது இந்த இரண்டு குழந்தைகளில் யாருக்கும் பொருந்தவில்லை. பல ஆய்வகங்கள் எடைக்கோ கர்ப்ப வாரத்துக்கோ தக்கபடி வெவ்வேறு வரம்பு வைப்பதற்கு இதுவே காரணம்.

அளவு எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. வரம்பை ஒரு துளி தாண்டியதும் பாசிட்டிவ்தான், பல மடங்கு தாண்டியதும் பாசிட்டிவ்தான். நோயில்லாதவர்கள் பெரும்பாலும் வரம்பை ஒட்டியே கூடுகிறார்கள், உப்பு இழக்கும் நோயுள்ள குழந்தையின் அளவு பொதுவாக அதைவிட வெகு உயரத்தில் இருக்கும். எனவே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லோடு எண்ணையும் வரம்பையும் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

சரி, 760 பேரிலிருந்து அந்த 10 பேரை எப்படிப் பிரிப்பது? மறுபடி ஒரு சோதனை செய்யலாம் என்று உடனே தோன்றும். ஆனால் அதே அட்டையில் அதே ஆன்டிபாடி முறையை மறுபடி செய்தால் பெரிதாகப் பயனில்லை. குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் உள்ள ஒத்த வடிவப் பொருள்கள் அங்கேயேதான் இருக்கின்றன. முதல் முறை ஏமாந்த சோதனை அதே காரணத்தால் இரண்டாம் முறையும் ஏமாறும். இரண்டாவது சோதனை தவறினால்கூட வேறு காரணத்தால் தவறுவதாக இருக்க வேண்டும். நிறைநிறமாலை என்ற முறை ஒவ்வொரு பொருளையும் அதன் நிறையை வைத்துத் தனியாகப் பிரித்து அளக்கிறது. அதோடு கார்ட்டிசாலும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. நோயுள்ள குழந்தைக்கு இடைப்பொருள் ஏறிக் கார்ட்டிசால் குறைந்திருக்கும். உடல்நலமில்லாமல் அளவு ஏறிய குழந்தைக்கு இரண்டுமே ஏறியிருக்கும்.

இந்த இரண்டாம் சோதனை நோயில்லாதவர்களில் 20க்கு ஒருவரைத் தவறாக பாசிட்டிவ் என்று சொல்வதாக வைத்துக்கொண்டால், 750 பேர் சுமார் 38 ஆகக் குறைவார்கள். நோயுள்ள 10 பேர் அப்படியே நிற்பார்கள். இப்போது 48 பேரில் 10, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. முதல் சோதனையைவிட இரண்டாவது தவறு விகிதத்தில் பத்து மடங்கு மோசமாக இருந்தும் இவ்வளவு தெளிவு தந்தது. காரணம், அது ஒன்றரை லட்சம் பேரை எதிர்கொள்ளவில்லை, 760 பேரைத்தான் எதிர்கொண்டது. பாசிட்டிவ் வந்தவர்கள் இப்போது வேறு கூட்டம்.

அந்த இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது என்பதில்தான் 76இல் ஒன்று என்ற எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. ‘பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால், அந்த 76இல் ஒருவர் ஆண் குழந்தையாக இருந்து இரண்டாம் வாரத்தில் துவண்டுபோகக்கூடும். வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று, எவ்வளவு அவசரம் என்பது வேறொன்று. போன் செய்யும் டாக்டர் இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லிவிட முடியும்:

“பயப்படாதீங்கம்மா. இந்த மாதிரி ரிசல்ட் வந்த குழந்தைங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் நிஜமாவே நோய் இருக்கும், நிறையப் பேருக்கு ஒண்ணுமே இருக்காது. ஆனா இருக்கற அந்தக் கொஞ்சப் பேருக்கு நாள் கடத்தக் கூடாது. அதனால இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் பார்ப்போம், எடை பார்ப்போம், இன்னொரு தடவ ரத்தம் எடுப்போம். நடுவுல வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலோ, ராத்திரின்னாலும் நேரா அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க.”

ஒரு நிமிடப் பேச்சுதான். ‘பாசிட்டிவ், வாங்க’ என்று வைத்துவிட்டால் அந்தத் தாய் முடிவு வரும்வரை தூங்கமாட்டார். அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்க முடியாத மருத்துவமனை இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லா நோயாளிகளையும் சோதனை பிடித்துவிடும் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டோம், நடைமுறையில் அது முழு உண்மையில்லை. குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்து தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குழந்தையின் 17-ஓ.எச்.பி. தற்காலிகமாகத் தாழ்ந்து நெகட்டிவ் காட்டலாம். உப்பு இழக்காத மிதமான வகை பலமுறை தப்பிவிடும். பிறப்புறுப்பில் சந்தேகமோ, மேலே சொன்ன அறிகுறிகளோ இருந்தால் ஸ்கிரீனிங் நெகட்டிவ் என்பதைக் காட்டிச் சமாதானம் சொல்லக் கூடாது.

தனியார் மருத்துவமனைகளில் இப்போது ஒரே ரத்தப் பொட்டில் நாற்பது, ஐம்பது நோய்களைச் சேர்த்துப் பார்க்கும் பேக்கேஜ்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நோய்க்கும் தவறான பாசிட்டிவ் ஆயிரத்தில் ஒன்றுதான் என்று வைத்தாலும், நாற்பது நோய்களுக்குச் சோதித்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 40 பேருக்கு ஏதாவது ஒன்றில் தவறான பாசிட்டிவ் வந்துவிடும். அந்த நோய்களில் பல, சி.ஏ.எச்.சை விடவும் அரிதானவை. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது பட்டியலில் எத்தனை நோய் என்பதல்ல. இங்கே இந்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் கடைசியில் நோய் உறுதியானது, பாசிட்டிவ் வந்தால் இரண்டாம் சோதனை என்ன முறையில், எத்தனை நாளில், யார் செலவில் நடக்கும் என்று கேளுங்கள். முதல் இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கும் ஆய்வகம், துல்லியம் என்று அச்சடித்த எந்தச் சதவீதத்தையும் விடப் பயனுள்ள பதிலை உங்களுக்குத் தர முடியும்.